‘கோப நாளிதோ’: ஒரு கல்லறைப் பாட்டைப் பிள்ளைகளுக்காக மாற்றி எழுதிய கதை

ஏற்காட்டில் ஏரியைத் தாண்டி உள்ளே போகும் எஸ்டேட் ரோடு ஒன்றில் ஒரு சின்னக் கத்தோலிக்கச் சிற்றாலயம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று அங்கே பூசை முடிந்ததும் எல்லோரும் சாமந்தியும் மெழுகுதிரியுமாகக் கல்லறைக்குப் பவனியாகப் போவார்கள், சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரிப்பார். அந்தப் பவனிக்கு என்று ஒரு பாட்டு உண்டு. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது, அச்சில் வந்ததும் இல்லை, உபதேசியார் தாத்தாவின் நோட்டில் அவருடைய அப்பா கையெழுத்தில் இருக்கிறது. பல்லவி கிடையாது. ஈரடி ஈரடியாக நாலு கண்ணி, அவ்வளவுதான்.

கோப நாளிதோ கூடி வந்ததே
சாப மானிடா சாய்ந்து வீழ்குவாய்

ஊது கொம்பிதோ ஊழி காட்டுதே
தீது செய்தவா தேம்பி என்பயன்

ஏடு கையிலே ஏந்து தூதனார்
கேடு யாவையும் கேட்டு வாங்குவார்

பாடு பட்டவா பாவி கள்ளனை
வீடு சேர்த்தவா வேறு யாருளார்

பெரியவர்கள் பாடினால் மயிர்க்கூச்செறியும், அது வேறு விஷயம். சிக்கல் என்னவென்றால் பவனியின் முன்வரிசையில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள்தான் நிற்பார்கள், அவர்களுக்கும் இதே பாட்டைத்தான் அக்டோபர் முழுக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படி ஒரு ஒத்திகையில்தான் நாலாவது படிக்கும் ஒரு பையன் கேட்டான்: “சிஸ்டர், எங்கப்பா ஏட்டுல என்னங்க எழுதியிருக்கும்? அவரு குடிப்பாருங்க.” அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிஸ்டர் அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தார், ஆனால் பாட்டை அப்படியே விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார். சேலத்திலிருந்து மேலே போய் அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறவன் என்பதால் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

முதலில் இந்தப் பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மாற்றுவதற்கான வழி அங்கேதான் இருந்தது. கோப நாள், கொம்பு, ஏடு, கடைசியில் கள்ளன் என்று இதில் படங்கள் வரும் வரிசை ‘தீயெஸ் ஈரே’ என்ற பழைய லத்தீன் பாட்டின் வரிசைதான். அது பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும், பிரான்சிஸ்கன் துறவி செலானோ ஊர் தோமா எழுதியது என்றும் வழக்கமாகச் சொல்வார்கள், உறுதி கிடையாது. முதல் வரி செப்பனியா 1:15-லிருந்து வந்தது. பல நூற்றாண்டு காலம் இறந்தோர் பூசையில் அது கட்டாயம் இருந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பு, அடக்கச் சடங்குகள் கிறிஸ்தவச் சாவின் பாஸ்கா தன்மையை, அதாவது உயிர்ப்போடு அதற்குள்ள தொடர்பை, இன்னும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று 81-ஆம் எண்ணில் சொன்னது. 1970-இல் வந்த புதிய பூசைப் புத்தகத்தில் ‘தீயெஸ் ஈரே’ இல்லை. ஆனால் நம் ஊர்ப் பாட்டு பூசைக்குள் பாடுவது இல்லையே, வெளியே பவனியில் பாடுவது. அதனால் அதை யாரும் நீக்கவும் இல்லை, கவனிக்கவும் இல்லை.

லத்தீன் பாட்டை முழுசாகப் படித்தால் ஒன்று தெரியும். அது முழுக்க பயமுறுத்துவது இல்லை. பத்தொன்பது கண்ணிகளில் முதல் ஏழு நடுக்கம்தான், ஆனால் எட்டாவதில் பாட்டு திரும்பி நேராக ஆண்டவரிடமே பேச ஆரம்பித்துவிடுகிறது. ஒன்பதாவதில் ‘நல்ல இயேசுவே, நினைத்தருளும்’ என்று கேட்கிறது. பதின்மூன்றாவதில், மகதலா மரியாளை மன்னித்தீர், கள்ளனின் வேண்டுதலைக் கேட்டீர், எனக்கும் நம்பிக்கை தந்தீர் என்கிறது. லூக்கா 23-இல் பக்கத்துச் சிலுவையில் தொங்கியவன் கேட்டானே, அவன்தான் இந்தக் கள்ளன். ஆக நம்பிக்கையைப் புதிதாகக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியதே இல்லை, உள்ளேயே இருக்கிறது.

நம் பாட்டிலும் நாலாவது கண்ணியில் அதே கள்ளன் இருக்கிறான். ஆனால் அவனைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது: ஒவ்வொரு கண்ணியையும் ஆண்கள் ஒரு தரம், பெண்கள் ஒரு தரம், பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு தரம் என்று இழுத்துப் பாடுவார்கள், கோயிலுக்கும் கல்லறைக்கும் நடுவே இருப்பது ஒரு சின்னச் சரிவுதான். மூன்றாவது கண்ணி முடிவதற்குள் கல்லறை வாசல் வந்துவிடும், சாமியார் ஜெபத்தை ஆரம்பித்துவிடுவார், பாட்டு நின்றுவிடும். வருடா வருடம் ஏட்டோடு நிற்கிற தூதனோடு முடிகிறது பாட்டு. கேள்வி கேட்ட பையன் எங்கே மாட்டினான் என்பது இப்போது புரியும்.

இதற்கிடையில் கீழே டவுனில் படிக்கும் ஒரு டீச்சர் பெண் ஒரு வரைவு எழுதி வைத்திருந்தது. நல்ல மனசோடு எழுதியதுதான், பழையதில் பயமான சொல் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் இனிப்பான ஒரு சொல்லைப் போட்டிருந்தது. முதல் அடி இப்படி: ‘அன்பின் நாளிதோ ஆடிப் பாடுவோம்’. இது இரண்டு இடத்தில் உடைகிறது.

ஒன்று சந்தம். பழைய பாட்டு ‘தான தானனா தான தானனா’ என்று ஓடுகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்று அடுத்த குறிலுக்கும் இரண்டு என்று எண்ணினால் பாதி அடிக்கு எட்டு, முழு அடிக்குப் பதினாறு, ஆதி தாளத்தில் அச்சாக உட்காரும். ‘கோப’ என்பது இரண்டும் ஒன்றும் மூன்று, ‘நாளிதோ’ இரண்டு ஒன்று இரண்டு ஐந்து. ‘அன்பின்’ என்று போட்டால் இரண்டும் இரண்டும் நாலாகிவிடுகிறது, ‘ஆடிப்’ என்பதும் அப்படியே, ஆக ஒவ்வொரு பாதியிலும் ஒரு மாத்திரை வழிகிறது. இதைக் காகிதத்தில் எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, பிள்ளைகளைப் பாட விட்டால் போதும். அவர்கள் ‘அன்பி நாளிதோ’ என்று ஒற்றை விழுங்கிவிட்டார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. சந்தம் சரியாக இருக்கிற வரியைப் பிள்ளைகள் விழுங்கவும் மாட்டார்கள், இழுக்கவும் மாட்டார்கள். எந்த வரியையும் முதலில் அப்படித்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது உடைசல் இதைவிடப் பெரியது. அந்தப் பாட்டில் யாரும் சாகவில்லை, யாரும் தப்பு செய்யவில்லை. அம்மா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருக்கும்போது ஆடிப் பாடுவோம் என்று பாடச் சொன்னால் எட்டு வயசுப் பிள்ளைக்கும் அது பொய் என்று தெரியும். அப்பா குடிப்பார் என்று சொன்ன பையனுக்கு இந்தப் பாட்டு எதையும் சொல்லாது, அவன் கேள்வியைக் கேட்காத மாதிரி கடந்து போகும். பழைய பாட்டை நீக்குவதா மாற்றுவதா என்று சிஸ்டர் கேட்டபோது நான் சொன்னது, தீர்ப்பை எடுக்க வேண்டாம், தீர்ப்பளிப்பவர் யார் என்பதைப் பாட்டின் முன்னால் கொண்டுவந்து வைப்போம் என்று.

அதனால் முதல் வேலையாகக் கடைசிக் கண்ணியை எடுத்துப் பல்லவி ஆக்கினோம். ‘பாடு பட்டவா பாவி கள்ளனை, வீடு சேர்த்தவா வேறு யாருளார்.’ ஒரு எழுத்தும் மாற்றவில்லை. இது ஒன்றிலேயே பாட்டு பாதி மாறிவிட்டது, ஏனென்றால் பழையதில் பாட்டு ‘மானிடா’, ‘செய்தவா’ என்று பாடுகிறவனையே அதட்டுகிறது, பல்லவி வந்ததும் முதல் வரியிலிருந்தே பிள்ளை ஆண்டவரோடு பேசுகிறது. யாரைப் பார்த்துப் பாடுகிறோம் என்பது மாறிவிட்டால் கடுமையான சொல்கூடக் கடுமை குறைந்துவிடும். இன்னொரு லாபம், பல்லவி ஒவ்வொரு கண்ணிக்கும் திரும்பி வரும், பவனி எந்த இடத்தில் நின்றாலும் கள்ளன் வந்திருப்பான்.

அப்புறம் மூன்று கண்ணிகள். படங்களை அப்படியே வைத்துக்கொண்டு அவை என்ன செய்கின்றன என்பதை மட்டும் மாற்றுவது என்று முடிவு. கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1 தெசலோனிக்கர் 4-இல் கொம்பு ஊதுவது இறந்தவர்களை எழுப்ப, அந்தப் பகுதியே இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றுதான் முடிகிறது. அதனால் கொம்பை மிரட்டலாக வைத்திருக்க எந்தக் கட்டாயமும் இல்லை:

ஊது கொம்பினால் ஓய்ந்த பேரெலாம்
காது கேட்டதும் காலை காணுவார்

ஏடுதான் கஷ்டம். அதை எடுத்துவிடலாம் என்று டீச்சர் பெண் சொன்னது, பையனை வைத்துத்தான். நான் மறுத்தேன். ஏற்கெனவே ஏட்டைப் பற்றிக் கேட்டுவிட்ட பிள்ளைக்கு ஏடே இல்லாத பாட்டு பதில் ஆகாது. திருவெளிப்பாடு 20:12-இல் செயல்கள் எழுதிய நூல்கள் திறக்கப்படும்போது வாழ்வின் நூல் என்று தனியாக இன்னொன்றும் திறக்கப்படுகிறது. அதில் இருப்பது பெயர்கள். தூதன் கேடுகளைக் கேட்டு வாங்குவதற்குப் பதிலாக ஆண்டவரே பெயரைத் தேடுகிறார் என்று வைத்தோம்:

ஏடு நீட்டியே ஏழை பேரையும்
தேடு வாயையா தேவ தேவனே

மூன்றாவதாகத் தப்பு. தப்பு இல்லாமல் கள்ளனுக்கு அர்த்தம் இல்லை. ஆனால் ‘தீது’ என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளை அதில் எதை வேண்டுமானாலும் போட்டுப் பயப்படும், அல்லது எதையும் போடாமல் பாடிவிட்டுப் போகும். பிள்ளைகள் நிஜமாகச் செய்கிற தப்பைச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது, கோள் மூட்டுவது. பழைய பாட்டின் முதல் எதுகையான கோப, சாப என்பதையே எடுத்துக்கொண்டோம். பழையதில் கோபம் கடவுளுடையது, சாபம் மனிதன் மேல். புதியதில் கோபம் பிள்ளையுடையது:

கோப மானதும் கோளு சொன்னதும்
சாப மில்லையே சாமி மன்னியும்

இங்கே சாமியார் ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்விதான். மன்னிப்புக் கேட்கிறதுக்கு முன்னாடியே சாபம் இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதற்கு மன்னிப்பு? நான் லூக்கா 15-ஐக் காட்டினேன், ஊதாரி மகன் பேச்சை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே அப்பா ஓடிவந்து கட்டிக்கொள்கிறார், அதற்கப்புறம்தான் மகன் பாவம் செய்தேன் என்று சொல்கிறான். சரி, இருக்கட்டும் என்றார்.

இன்னொரு கண்ணியும் எழுதினோம், அது பிழைக்கவில்லை. ஊர்ப்படம் ஒன்று வேண்டும் என்று எனக்கு ஆசை. காப்பிப் பழம் ஒரே கிளையில் ஒன்றாகப் பழுக்காது, பழுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு காயை விட்டுவிட்டு மறுபடி வருவார்கள். கல்லறைத் திருநாள் சமயத்தில் பிள்ளைகளின் அம்மாக்கள் அந்த வேலைக்குத்தான் தயாராகிக்கொண்டிருப்பார்கள். அத்திமரத்துக்கு இன்னும் ஒரு வருடம் கேட்ட தோட்டக்காரனின் உவமையும் லூக்கா 13-இல் இருக்கிறது, பொருத்தமாகத்தான் பட்டது:

காயை விட்டுநீ காத்து நின்றவா
தாயை ஒத்தவா தாங்க வந்தவா

ஒத்திகை கேட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா, பழம் பறிக்கப் போகிறவர், சிரித்துவிட்டார். “அதெல்லாம் முதல்ல சரிங்க. கடைசி எடுப்புல காயி, கருகினது எல்லாத்தையும் சேர்த்து உருவிருவோமுங்களே.” உண்மைதான், மரத்தைச் சுத்தம் செய்கிற அந்தக் கடைசிச் சுற்று பிள்ளைகளுக்கும் தெரியும், லீவு நாளில் கூடவே போகிறவர்கள் தானே. அத்திமர உவமையும் கடைசியில் இல்லாவிட்டால் வெட்டிவிடலாம் என்றுதான் முடிகிறது. நாம் தேற்றுவதற்காகக் கொண்டுவந்த படம் அவர்களுக்குப் பழைய பாட்டைவிட மோசமான ஒன்றை ஞாபகப்படுத்தும். எடுத்துவிட்டோம். ஊர்ப்படம் போட்டால் அழகு வரும் என்று நினைக்கிறவர்கள் அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் முதலில் பாடிக்காட்ட வேண்டும் என்பேன்.

மெட்டை மாற்றவில்லை. புது மெட்டு போட்டால் பெரியவர்கள் சேர்ந்து பாட மாட்டார்கள், பாட்டு பிள்ளைகள் நிகழ்ச்சியாக ஒதுங்கிவிடும். ஆனால் சுருதியை மாற்றினோம். உபதேசியார் ஒன்றரைக் கட்டையில் ஆரம்பிப்பார், மெட்டு மந்திர பஞ்சமம் வரை இறங்குகிறது, அந்த இடத்தில் பிள்ளைகள் குரலே வராமல் முனகுவார்கள். பாட்டு பயமாக இருந்ததற்கு அந்த முனகலும் ஒரு காரணம், அது யாருக்கும் தோன்றவில்லை. ஆர்மோனியத்தில் நாலு கட்டைக்கு ஏற்றியதும் அடி வரி பிள்ளைகளுக்குப் பேசுகிற குரலுக்கே எட்டிவிட்டது, மேலேயும் கத்த வேண்டியதில்லை. காலத்தைக் கொஞ்சம் விரைவுபடுத்தினோம், நடக்கிற வேகத்துக்கு. ரொம்பக் கூட்டினால் கும்மிப்பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது, அதையும் ஒத்திகையில் பார்த்துவிட்டுக் குறைத்தோம்.

பிடித்திருக்கிறதா என்று பிள்ளைகளிடம் கேட்டால் பிரயோஜனம் இல்லை, சிஸ்டர் கேட்டால் பிடிச்சிருக்கு என்றுதான் சொல்வார்கள். சிஸ்டர் கேட்டது வேறு: இந்தப் பாட்டுல யாரெல்லாம் வர்றாங்க, வரைஞ்சு காட்டுங்க. முந்தைய ஒத்திகையில் பழைய பாட்டுக்கு வந்த படங்களில் ஒரு பெரிய நோட்டோடு தூதனும், பாட்டில் எங்கேயுமே இல்லாத நெருப்பும் இருந்தன. புதியதற்குப் பெரும்பாலும் சிலுவையில் இரண்டு பேர். ஒரு பெண் கல்லறைகளில் இருந்து ஆட்கள் எழுந்து சோம்பல் முறிப்பதாக வரைந்திருந்தாள், காலைதானே. கேள்வி கேட்ட பையன் ஒரு நோட்டு வரைந்து அதில் அப்பா பெயரை எழுதியிருந்தான்.

உபதேசியார் தாத்தா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆண்டவரிடம் பயம்தான் ஞானத்துக்கு ஆரம்பம் என்று நீதிமொழிகளில் இருக்கிறதே, பயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்றார். அதற்குப் பதில் சொல்லிவிடலாம், ஆனால் அடுத்து அவர் சொன்னதற்கு எங்களிடம் பதில் இல்லை. “தம்பி, உங்களுக்கு அந்த மூணாம் கண்ணி மிரட்டலாத் தெரியுது. எங்கப்பாவுக்கு அது அப்படி இல்ல. மேஸ்திரி ஆள் கணக்கு நோட்டுல ஒரு நாளைக் குறைச்சு எழுதினா கேக்க நாதி கிடையாது. கேடு யாவையும் கேட்டு வாங்குவார்னு பாடுறப்போ அவங்க யாரை நினைச்சுப் பாடுனாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.”

தீர்ப்பு நாளை எல்லோரும் பயந்தே கேட்டார்கள் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஏமாற்றப்பட்டவனுக்குக் கணக்குக் கேட்கப்படும் நாள் நல்ல நாள். அதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இதமான ஒரு பாட்டைக் கொடுத்தால் அதில் லாபம் மேஸ்திரிக்குத்தான்.

அதனால் பழைய பாட்டு போகவில்லை. சந்தம் ஒன்று, மெட்டு ஒன்று என்பதால் இரண்டையும் பின்னிவிட முடிந்தது. பவனி கிளம்பும்போது பிள்ளைகள் பல்லவியும் அவர்களுடைய மூன்று கண்ணிகளும் பாடுகிறார்கள், வாசலுக்குப் போனதும் பெரியவர்கள் தாத்தாவின் மூன்றாம் கண்ணியை மட்டும் எடுக்கிறார்கள், அதற்கும் பல்லவியைப் பிள்ளைகள்தான் பாடுகிறார்கள். அதற்குள் சாமியார் ஜெபத்தை ஆரம்பித்துவிடாமல் இருக்க அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகள் பெரியவர்களோடு அந்தக் கண்ணியையும் பாடலாம் என்று ஏற்பாடு, அவர்களுக்குத் தாத்தாவே ஒரு நாள் வந்து நோட்டுக் கணக்குக் கதையைச் சொன்னார். சுருதி விஷயத்தில் அவர் இறங்கிவரவில்லை, நாலு கட்டை தனக்கு எட்டாது என்று கீழ் ஸ்தாயியில் பாடுகிறார், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ‘சாப மானிடா’ கண்ணியை இப்போதைக்கு யாரும் பாடுவதில்லை, நோட்டில் இருக்கிறது.

தீராத ஒன்று இருக்கிறது. இது கல்லறைத் திருநாளுக்கு எழுதிய பாட்டு, துக்கம் கொஞ்சம் ஆறிய நாள். ஒரு பிள்ளையே இறந்துபோகிற அடக்கத்தில் இதைப் பாடலாமா என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். 1963 தொகுப்பின் 82-ஆம் எண் குழந்தைகள் அடக்கத்துக்குத் தனிப் பூசையும் சடங்கும் வேண்டும் என்று சொல்கிறது, பாட்டும் தனியாகத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். கொம்புக் கண்ணியும் பல்லவியும் அங்கே நிற்கும். கோள் சொன்னதும் என்ற கண்ணியை அந்தப் பெட்டிக்கு முன்னால் பாட முடியாது. ஏடு கண்ணியைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம், நான் வேண்டாம் என்கிறேன், சிஸ்டர் வேண்டும் என்கிறார்.